பொங்கல் வராந்தாவுக்கு ஒரு மூங்கில் மோகனம்

ஒரு முழம் நீளமுள்ள மூங்கில் துண்டை அதன் நுனியில் இறுகப் பிடித்துக்கொண்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டப்' என்று ஒரு செத்த சத்தம் வரும். இப்போது அதே துண்டை, மேல்முனையிலிருந்து கால்வாசிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இரண்டு விரல்களால் பட்டும் படாமலும் தாங்கிக்கொண்டு, நடுப்பகுதியில் தட்டுங்கள். 'டொங்' என்று உருண்டையான ஒரு ஒலி எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு அடங்கும். மூங்கிலும் அதேதான், தட்டிய விரலும் அதேதான். பிடித்த இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

வீட்டில் செய்யும் காற்றுமணிகள் பெரும்பாலும் வெறுமனே முட்டிக்கொண்டு கிடப்பதற்குக் காரணம் இந்த இடத்தைத் தவறவிடுவதுதான். நான் முதலில் செய்ததும் அப்படித்தான் ஆனது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று குழல்களின் உச்சியிலேயே துளை போட்டுக் கட்டினேன். கடையில் வாங்கிய பச்சை மூங்கில், கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல், தையல் நூல். பத்து நாளில் இரண்டு குழல்கள் நெடுக வெடித்தன. கிளிஞ்சலை ஒட்டித் தொங்கிய பித்தளை மணிகள் பச்சைக் களிம்பு பிடித்துக் கறுத்தன. முதல் மழையில் நூல் அறுந்தது. அந்த நான்கு தவறுகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பொங்கலுக்கு எங்கள் வராந்தாவில் இப்போது தொங்கும் காற்றுமணியைச் செய்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துளையைப் பேசிவிடுவோம். இரு முனையிலும் பாரம் தொங்கக் காவடி சுமந்து நடப்பவரைப் பார்த்திருப்பீர்கள். தண்டின் நடு மேலே எழும்பும்போது முனைகள் கீழே தாழும். நடு தாழும்போது முனைகள் எழும்பும். தட்டப்பட்ட மூங்கில் குழலும் கண்ணுக்குத் தெரியாமல் இப்படித்தான் வளைந்து நிமிர்கிறது. நடு ஒரு பக்கமும் முனைகள் எதிர்ப்பக்கமும் போகின்றன என்றால், இரண்டுக்கும் இடையில் எந்தப் பக்கமும் போகாத இடம் ஒன்று இருந்தாக வேண்டும். நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அப்படி இரண்டு இடங்கள் உண்டு. ஒரே பருமனுள்ள குழலில் அவை முனையிலிருந்து மொத்த நீளத்தில் நூற்றுக்கு 22.4 பங்கு தூரத்தில் அமைகின்றன. அசையாத அந்த இடத்தில் நூலைக் கட்டினால் அதிர்வை நூல் தடுக்காது. உச்சியில் கட்டினால், அதிகமாக ஆடத் துடிக்கும் முனையையே நூல் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒலி பிறந்த உடனே சாகிறது. அதே காரணத்தால், தட்டும் நாக்கு அதிகமாக ஆடும் நடுப்பகுதியில்தான் பட வேண்டும்.

கணக்கு அவ்வளவுதான். நீளத்தை 0.224 ஆல் பெருக்கினால் துளையின் இடம் கிடைத்துவிடும். ஆனால் மூங்கில் இரும்புக் குழாய் அல்ல. அடியில் தடிப்பாகவும் நுனியில் மெலிதாகவும் இருக்கும். கணு ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் கனக்கும். அதனால் கணக்குச் சொன்ன இடத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு, அதற்கு மேலும் கீழும் அரை செ.மீ. நகர்த்தி விரலால் தாங்கித் தட்டிப் பார்த்து, ஒலி மிக நீளமாக நிற்கும் இடத்தையே துளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மூங்கில். பொங்கலுக்குத் தொங்கவிட வேண்டுமென்றால் கார்த்திகை முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். ஏணியும் பந்தல் கழியும் விற்கிற மூங்கில் கடையில் போய், உள்ளே பொந்துள்ள மூங்கிலாகக் கேட்க வேண்டும். கல்மூங்கில் என்று சொல்லப்படும் வகை கிட்டத்தட்ட கெட்டியாகவே இருக்கும். அது தடிக்கும் கம்புக்கும் நல்லது, காற்றுமணிக்கு ஆகாது. வெளிக்குறுக்களவு 3 செ.மீ. அளவும், சுவர் 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பத்தடிக் கழி ஒன்று போதும். கணுவுக்குக் கணு இடைவெளி ஒரு முழத்துக்குக் குறையாமல் ஆறு இடமாவது இருக்கிறதா என்று கடையிலேயே அளந்து பார்த்துவிடுங்கள்.

முற்றிய மூங்கிலா என்பதை நிறத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மூன்று வருடமாவது நின்ற மூங்கிலில் பளபளப்பு போய், மேலே வெளுத்த பாசித் திட்டுகள் படிந்திருக்கும். கணுக்களைச் சுற்றியிருந்த உறை உதிர்ந்திருக்கும். இளமூங்கில் காயும்போது சுருங்கி, உள்வாங்கி, நெடுக வெடிக்கும். இதற்கெல்லாம் சுருக்கமான வழியும் ஒன்று உண்டு. ஏணி கட்டுகிறவர்களிடம் வெட்டிப் போட்ட பழைய துண்டுகள் கிடக்கும். அவை ஏற்கெனவே காய்ந்து, வெடிக்கிறது வெடித்து, நிற்கிறது நின்றவை. அதில் ஆறு நல்ல துண்டு கிடைத்தால் ஒரு மாத வேலை மிச்சம். வாங்குமுன் துண்டைத் தரையில் தட்டிப் பாருங்கள். கோதுமை மாவு போல் மெல்லிய தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தொடவே வேண்டாம்.

அந்த வண்டுதான் மூங்கிலின் முதல் எதிரி. மூங்கிலின் உள்ளே இருக்கும் மாவுச்சத்துக்காக அது வருகிறது. மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான் மூங்கிலை ஆற்றிலும் குளத்திலும் வாரக்கணக்கில் ஊறப்போடும் பழக்கம் ஏற்பட்டது. வீட்டில் நான் செய்வது வேறு. கணுக்களை நீக்கி, தேவையான நீளத்தைவிட 2 செ.மீ. கூடுதலாகக் குழல்களை அறுத்துக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் வெங்காரமும் 20 கிராம் போரிக் அமிலத் தூளும் என்ற கணக்கில் வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு அதில் குழல்கள் முழுவதும் முழுகும்படி ஒரு வாரம் வைக்கிறேன். வெங்காரம் என்றதும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வாய்ப்புண்ணுக்குத் தடவும் பொருள்தானே என்று எண்ணிவிட வேண்டாம். இந்த அளவில் அது விஷம். சமையலுக்குப் புழங்காத பாத்திரமாக இருக்க வேண்டும். குழந்தையும் நாயும் பூனையும் நெருங்காத இடமாக இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மிஞ்சிய கரைசலைச் செடிகளுக்கு ஊற்றினால் செடி கருகிவிடும்.

ஊறிய குழல்களை வெயிலில் காயவைக்க ஆசை வரும். கூடவே கூடாது. வெளித்தோல் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, குழல் பிளந்துகொள்ளும். காற்று வரும் நிழலில் நான்கு வாரம் கிடக்கட்டும். கார்த்திகை மழையில் வெளியே ஈரக்காற்றாக இருந்தால் பரணில் போடலாம். காய்ந்துவிட்டதா என்பதைத் தராசு சொல்லிவிடும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் குழல் தயார்.

எந்த நீளங்களில் அறுப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காற்றுக்கு வரிசை தெரியாது. எந்தக் குழலை எப்போது தட்டும், எந்த இரண்டைச் சேர்த்துத் தட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதில் உறுத்தாத சுரங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மிடம் அதற்கென்றே அமைந்ததுபோல மோகனம் இருக்கிறது. ஸ, ரி, க, ப, த என்ற ஐந்தே சுரம். ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருக்கமான சுரம் அதில் ஒரு ஜோடி கூட இல்லை. பழைய முல்லைப்பண்தான் இந்த மோகனம் என்று இசை ஆய்வாளர்கள் பலர் சொல்வதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசித்திரமானது. வீணைத் தந்தியைப் பாதியாகக் குறைத்தால் மேல் ஸட்ஜம் வரும். தட்டி ஒலிக்கும் குழலை அப்படிப் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி மேலே போய்விடும். ஏனென்றால் இங்கே அதிர்வு, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. மேல் ஸட்ஜத்துக்கு, கீழ் ஸட்ஜக் குழலின் நீளத்தில் நூற்றுக்கு 70.7 பங்கு இருந்தாலே போதும். இந்தக் கணக்கின்படி என் காற்றுமணிக்கு ஸட்ஜக் குழலை 36 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். ரி 33.9, க 32.2, ப 29.4, த 27.9, மேல் ஸட்ஜம் 25.5 செ.மீ. என்று வந்தது. துளையின் இடம் அதே வரிசையில் மேல்முனையிலிருந்து 8.1, 7.6, 7.2, 6.6, 6.2, 5.7 செ.மீ.

இந்த அளவுக்கே அறுத்துவிட்டால் மோகனம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஆறு குழலும் ஒரே பருமன், ஒரே சுவர்த் தடிப்பு என்று இருந்தால்தான் கணக்கு அப்படியே பலிக்கும். மூங்கிலில் அது நடப்பதில்லை. எனவே ஒவ்வொன்றையும் ஒரு செ.மீ. கூடுதலாக அறுத்து, காதால் கேட்டுக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஸட்ஜக் குழலை முதலில் முடித்துவிட்டு, அதன் ஒலியையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சேருங்கள். பாட்டுத் தெரிந்த யாராவது பக்கத்தில் உட்கார்ந்து 'ஸ ரி க ப த' என்று மெல்ல முனகினால் வேலை சுலபம். இல்லையென்றால் ஆர்மோனியமோ கைப்பேசியில் உள்ள சுருதி பார்க்கும் செயலியோ உதவும்.

இந்த நீளத்தில் முனையில் 3 மில்லிமீட்டர் அறுத்தால் ஒலி ஏறக்குறைய அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறும். அதனால் ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் அறுக்காதீர்கள். கைதவறி அதிகம் அறுத்து ஒலி மேலே போய்விட்டால் குழலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குழலின் நடுப்பகுதியைச் சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்துச் சுவரைக் கொஞ்சம் மெலிதாக்கினால் ஒலி மெல்லக் கீழே இறங்கும். இந்த வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் துளை. முதலிலேயே துளை போட்டுவிட்டு முனையை அறுத்தால், அசையாத இடம் நகர்ந்துபோகும். துளை அங்கேயே நிற்கும்.

அறுக்க இரும்பறுக்கும் ரம்பம்தான் சரி. மரம் அறுக்கும் ரம்பத்தின் பெரிய பல் மூங்கிலின் நாரைக் கிழித்துவிடும். அறுக்கும் இடத்தைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டால் விளிம்பு சிலும்பாது. துளைக்கு 2 மில்லிமீட்டர் துரப்பணம். ஒரு சுவரைத் துளைத்து அதே நேர்கோட்டில் எதிர்ச்சுவரையும் துளைத்து, நூலைக் குறுக்காக விட்டு, இரு முனைகளையும் மேலே கொண்டுபோய் முடிய வேண்டும். குழலின் வெளியிலும் உள்ளேயும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒருமுறை மெல்லப் பூசி, இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள். வார்னிஷைத் தடிப்பாக அடித்தால் பளபளப்பு வரும், ஒலி மங்கும்.

அடுத்து மேல்மூடி. பெரிய கொட்டாங்கச்சியில் கண் இல்லாத பாதி, வாய் அகலம் 13 செ.மீ. அளவில் இருந்தால் அருமையாகப் பொருந்தும். விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளே, சம இடைவெளியில் ஆறு துளை, உச்சியில் ஒன்று. எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே 12 செ.மீ. வந்தால், 3 செ.மீ. பருமனுள்ள குழல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் நடுவே 3 செ.மீ. இடைவெளி விட்டு வட்டமாகத் தொங்கும். எல்லாக் குழல்களின் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கட்டுங்கள். நடுவில் நாக்காக, ஐந்தரை செ.மீ. அகலமுள்ள வட்ட வேப்பங்கட்டை. துளை மட்டத்துக்கு எட்டரை செ.மீ. கீழே அது நின்றால் ஆறு குழல்களின் நடுப்பகுதியையும் ஏறத்தாழ எட்டும். கட்டைக்கும் குழலுக்கும் இடையே ஒன்றே முக்கால் செ.மீ. இருக்கும். இதைவிட நெருங்கினால் ஓயாத படபடப்பு, விலகினால் மௌனம்.

நாக்கிலிருந்து நூல் இன்னும் கீழே இறங்கி, குழல்களைத் தாண்டி, காற்றை வாங்கும் விசிறியில் முடிகிறது. மார்கழி, தை மாதங்களின் காற்று மெல்லியது. அதற்குச் சின்னத் தகடு அசையாது. உள்ளங்கை அகலத்துக்கு, 10 செ.மீ.க்கு 12 செ.மீ. அளவில், பனையோலையை இரட்டையாக முடைந்து தொங்கவிடுங்கள். விடியற்காலையில் கோலம் போடும்போது முகத்தில் படுகிற காற்றுக்கே அது அசையும்.

கிளிஞ்சலுக்கு வருகிறேன். இதற்காகக் கடற்கரைக்குப் போக வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. மீன் சந்தையில் மட்டியும் ஆளியும் வாங்கிச் சமைத்தால் ஓடு மிஞ்சுகிறது. சமைக்காதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கரையில் கிடக்கும் சுருள் சங்குகள் காலியாகத் தோன்றினாலும் அவை முனிவன் நண்டுகளுக்கு வீடு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. ராட்சதச் சிப்பியும் ஐவிரல் சங்கில் சில வகைகளும் 1972 ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை, வைத்திருப்பதே குற்றம். கடலோர ஊர்க் கடைகளில் அழகாக அடுக்கி வைத்திருந்தாலும் பவளத்துண்டு, பெரிய அபூர்வச் சங்கு எதையும் வாங்காதீர்கள்.

மட்டி ஓட்டை நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் ஓட்டுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்; பக்கத்தில் பித்தளை இருந்தால் அதைத் தின்னத் தொடங்கும். என் முதல் மணிகள் களிம்பேறியது இதனால்தான். ஊறவைத்த தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கத் தோன்றும். அழுக்குத் தண்ணீர், வேண்டாம். ஓட்டை நன்றாக உலர்த்தி, மழைக்கால இரவில் வெளியே வையுங்கள். காலையில் மேற்பரப்பு பிசுபிசுவென்றிருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. கறையைப் போக்க எலுமிச்சையோ வினிகரோ தடவாதீர்கள். ஓடு என்பது சுண்ணாம்புச் சத்து. புளிப்பு எதுவானாலும் அதைக் கரைத்து, மினுக்கத்தைப் போக்கிவிடும். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும்.

துளையிடும்போது ஓட்டை ஒரு தட்டில் தண்ணீருக்கு அடியில், ஒரு மரத்துண்டின் மேல் வைத்து, கையால் சுழற்றும் துரப்பணத்தால் மெல்லத் திருக வேண்டும். தண்ணீருக்கு இரண்டு காரணம். ஓடு சூடேறிப் பிளக்காது. அந்த வெள்ளைத் தூள் மூச்சில் ஏறாது. ஓட்டுத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல். மின்துரப்பணத்தைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மணிகளை வாங்கச் சரியான காலம் பொங்கலுக்கு முந்தைய வாரச் சந்தைதான். மாட்டுப் பொங்கலுக்காக மூக்கணாங்கயிறு, நெற்றிக் குஞ்சம் இவற்றோடு சலங்கையும் மணியும் குவித்து வைத்திருப்பார்கள். சலங்கை என்பது வாய் மூடிய உருண்டை. உள்ளே ஒரு குண்டு. குலுங்கினால்தான் ஒலிக்கும், காற்று அதைக் குலுக்காது. காற்றுமணிக்கு வாய் திறந்த, நாக்குத் தொங்கும் சிறு மணிதான் வேண்டும். வாய் இரண்டரை செ.மீ. அகலமுள்ளதாக நான்கு. சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும். உள்ளிருக்கும் நாக்கு மட்டும் இரும்பாக இருக்கலாம், அதைச் சேர்க்காமல் மணியின் உடம்பில் வைத்துப் பாருங்கள். கையில் தூக்கும்போது கனமாகவும், தட்டினால் மூன்று நான்கு விநாடி நிற்கும் ஒலியோடும் இருக்க வேண்டும்.

மணிகளைக் குழல்களுக்கு நடுவே கட்டிய வேலைகள் எனக்குத் திருப்தி தந்ததில்லை. நூல்கள் சிக்கும், மணியின் கூர்ந்த ஒலி மூங்கிலின் தாழ்ந்த ஒலியை மூடிவிடும். அதனால் ஒரு மூங்கில் பிளாச்சை எடுத்து, 90 செ.மீ. நீளத்துக்குச் சீவி, அதன் நடுவில் கொட்டாங்கச்சிக் குழல்கொத்தைத் தொங்கவிட்டேன். நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு மணி, 32 செ.மீ. தள்ளி இன்னொன்று, இருபுறமும் அப்படியே.

காற்று அடித்தாலும் இவ்வளவு சிறிய மணியின் நாக்கு தானாக அசையாது. கோயில் விமானங்களிலும் கூரை ஓரங்களிலும் தொங்கும் மணிகளின் நாக்கில் அரசிலை வடிவத்தில் ஒரு தகடு தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றைப் பிடிப்பது அந்த இலைதான். என் மணிகளில் அந்த இலையின் இடத்தில் ஒரு மட்டி ஓட்டை வைத்தேன். நாக்கிலிருந்து ஒரு சாண் நூல், அதன் முனையில் ஐந்து செ.மீ. அகலமுள்ள மெல்லிய ஓடு. ஓடு கனமாக இருந்தால் நாக்கைக் கீழே இழுத்து அசையாமல் நிறுத்திவிடும். இருப்பதில் மெலிதானதாகப் பாருங்கள். ஓடு எந்த நிலையிலும் மணியின் உடம்பைத் தொடக் கூடாது. தொட்டால் மணி ஊமையாகிவிடும்.

பிளாச்சின் இரு கோடியிலும், மூன்று செ.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு கிளிஞ்சல் சரங்கள். நான்கு செ.மீ.க்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு ஓடு, சரத்துக்கு ஏழு. அவை தங்களுக்குள் உரசி, நெல்லை முறத்தில் புடைப்பதுபோல் ஒரு சலசலப்பு எழுப்பும். மூங்கில் தாழ்ந்து பேச, மணி எப்போதாவது ஒருமுறை குறுக்கிட, அடியில் இந்தச் சலசலப்பு ஓடிக்கொண்டிருக்கும். நான்கு மணிக்கு மேல் கட்டினால் இந்த அமைதி கெட்டுவிடும் என்று இரண்டு பொங்கல் செய்து பார்த்தபின் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கட்டுவதற்கு மீனவர்கள் வலை பழுதுபார்க்கும் முறுக்கிய நைலான் நூல்தான் நல்லது. தூண்டிலுக்கான ஒற்றை நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் முடிச்சு வழுக்கும், வெயிலில் நொறுங்கும், மூங்கில் துளையின் விளிம்பை அறுக்கும். முறுக்கு நூலின் முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

வராந்தாவில் பிளாச்சை இரண்டு கயிற்றால், இரு முனையிலிருந்தும் ஒரு சாண் உள்தள்ளிக் கட்டுங்கள். ஒற்றைக் கயிற்றில் கட்டினால் சுழன்று சிக்கும். சுவரிலிருந்து இரண்டடியாவது விலகட்டும். ஓலை விசிறி தலைக்கு மேலே இருக்கட்டும். வாசற்படிக்கு நேர் மேலே வேண்டாம். அங்கே மாவிலைத் தோரணம் இருக்கும், ஆள் நடமாட்டமும் காற்றை மறைக்கும். வராந்தாவின் திறந்த மூலைதான் சரியான இடம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இரண்டு மூன்று இடத்தில் பிடித்துப் பாருங்கள். புகை எங்கே அலைகிறதோ அங்கே மாட்டுங்கள். இரவில் பக்கத்து வீட்டுத் தூக்கம் கெடாதிருக்க, ஓலை விசிறியை மேலே தூக்கிப் பிளாச்சில் செருகிவிட்டால் நாக்கு அடங்கிவிடும்.

மழை ஈரத்தில் குழல்களின் ஒலி சற்றுத் தாழ்ந்து மந்தமாகும், காய்ந்ததும் திரும்பிவிடும். அதற்காக எதையும் அறுத்துச் சரிசெய்ய வேண்டாம். திறந்த குழலுக்குள் குளவி மண் வைத்து அடைப்பதுண்டு; ஒரு குழல் மட்டும் திடீரென்று மட்டையாக ஒலித்தால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மணிகள் கறுத்தால் புளியால் தேய்க்கலாம், ஆனால் கிளிஞ்சலைக் கழற்றிவிட்டுத் தேயுங்கள். பிறகு தண்ணீரில் அலசி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

தை முதல் சித்திரை வரை இது வராந்தாவில் நிம்மதியாகத் தொங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். குழல்கள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு சிதைய ஒரு நாள் காற்றே போதும். ஆனி பிறந்ததும் கழற்றி, நூல்களை வெட்டி எறிந்துவிட்டு, குழல்களைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். அடுத்த மார்கழியில் புது நூல் கோத்தால் போதும்.